புதிதாகப் பொறுப்பேற்ற பிரிவு மேலாளர்களுக்கு: அந்த முதல் மின்னஞ்சல் குறித்து ஒரு திறந்த மடல்

வடசென்னையின் சுங்க முகவர் அலுவலகங்களிலும் சரக்கு அனுப்பும் நிறுவனங்களிலும் அண்மையில் பிரிவு மேலாளராகப் பொறுப்பேற்றிருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

பொறுப்பேற்ற சில வாரங்களுக்குள் நீங்கள் ஒரு மின்னஞ்சல் எழுத நேரும். இனிமேல் பிரிவில் உள்ள ஒவ்வொருவரையும் குறிப்பிட்ட இடைவெளியில் தனித்தனியாகச் சந்தித்துப் பேசப் போகிறேன் என்று அறிவிக்கும் மின்னஞ்சல் அது. பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள், தலைமை அலுவலகமும் கேட்டிருக்கும், உங்களுக்கே அப்படிச் செய்ய வேண்டும் என்று தோன்றியும் இருக்கலாம். பத்து நிமிடத்தில் எழுதி அனுப்பிவிடக்கூடிய சிறிய வேலையாகத்தான் அது தெரியும். நானும் அப்படித்தான் நினைத்து எழுதினேன். அதனால் நல்ல ஊழியர் ஒருவரை இழந்தேன். அந்த ஒரு மின்னஞ்சலைப் பற்றி மட்டுமே இந்த மடலில் பேசுகிறேன்.

ராஜாஜி சாலைக்குப் பின்னால், லிங்கிச் செட்டித் தெருவை ஒட்டிய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் இருந்த ஏற்றுமதி ஆவணப் பிரிவுக்கு நான் மேலாளரானேன். பிரிவில் ஒன்பது பேர். நால்வர் ஷிப்பிங் பில்லுக்கான செக்லிஸ்ட் தயாரித்து, வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கி, ஐஸ்கேட்டில் பதிவு செய்வார்கள். இருவர் கப்பல் நிறுவனங்களுடன் பில் ஆஃப் லேடிங் வேலையைப் பார்ப்பார்கள். சுங்க அட்டை வைத்திருக்கும் இருவர் மணலி, மாதவரம் பக்கத்துச் சரக்கு நிலையங்களிலும் துறைமுகத்திலும் நாள் முழுவதும் நிற்பார்கள். இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் உள்ள மூத்தவர் ஒருவர் பில்லிங்கைக் கவனிப்பார். ஒரு வாரம் முன்பு வரை நானும் அவர்களோடு அதே வரிசையில் உட்கார்ந்து செக்லிஸ்ட் போட்டுக்கொண்டிருந்தவன். ஆகவே என்னைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள் என்று உறுதியாக நம்பினேன்.

ஒரு திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல், பிரிவின் பொது முகவரிக்கு நான் ஆங்கிலத்தில் அனுப்பியதன் சாரம் இதுதான்:

> பொருள்: ஒன் டு ஒன் மீட்டிங்
>
> வரும் வியாழக்கிழமை முதல் அனைவரையும் தனித்தனியாகச் சந்திக்க உள்ளேன். ஒவ்வொருவருக்கும் 15 நிமிடம். நேர அட்டவணை இணைக்கப்பட்டுள்ளது. நிலுவைப் பட்டியலுடன் தயாராக வரவும்.

இதில் தவறான சொல் ஒன்றுமில்லை. ஆனால் நம் அலுவலகங்களில் ஒருவரை மேலாளர் தனியாக அறைக்குள் அழைப்பது பழக்கத்தில் மூன்று காரணங்களுக்காகத்தான். கன்டெய்னர் ஷட் அவுட் ஆகி வாடிக்கையாளர் டெபிட் நோட் போட்டிருப்பார், அல்லது கேட்ட விடுப்பை மறுக்க வேண்டியிருக்கும், அல்லது கணக்கு முடித்து அனுப்ப வேண்டியிருக்கும். நான் எந்தக் காரணமும் எழுதாததால், இந்த மூன்றில் தமக்குப் பொருந்துவதை ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டார்கள். அட்டவணையைப் பெயரின் அகர வரிசையில் போட்டிருந்தேன். அந்த வரிசையில் முதலில் வந்த இருவருமே முந்தைய மாதம் திருத்தம் போட வேண்டிய ஷிப்பிங் பில் வைத்திருந்தவர்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பிரிவில் மற்ற எல்லோருக்கும் அது உடனே தெரிந்துவிட்டது. தவறு செய்தவர்களை வரிசையாகக் கூப்பிடுகிறார் என்று செவ்வாய்க்கிழமை காலைத் தேநீருக்குள் முடிவாகியிருந்தது.

வியாழக்கிழமை நடந்தவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

மூத்தவர் உள்ளே வந்து நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் அவருடைய வருங்கால வைப்புநிதித் தாள்கள். "சார், நான் செஞ்ச தப்பு என்னன்னு மொதல்ல சொல்லிடுங்க. அப்புறம் மத்தத பேசலாம்" என்றார். என் பக்கத்து இருக்கையில் பல ஆண்டுகள் உட்கார்ந்து, என்னைத் தம்பி என்று அழைத்துவந்தவர் அவர். அன்று சார் என்று கூப்பிட்டார்.

செக்லிஸ்ட் பார்க்கும் பெண் ஒருவர் பதினோரு செக்லிஸ்டுகளை அச்செடுத்துக் கோப்பில் அடுக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகப் படித்து நிலவரம் சொன்னார். பதினைந்து நிமிடமும் அதிலேயே தீர்ந்தது. எழுந்து போகும்போது கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே அடுத்தவர் காத்திருந்ததால் நானும் விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ராஜினாமாக் கடிதத்தோடு வந்தபோதுதான் அன்று சொல்ல வந்தது என்னவென்று தெரிந்தது. அவர் பார்த்த வாடிக்கையாளரின் ஒப்புதல் பெரும்பாலும் இரவு எட்டரை, ஒன்பதுக்குத்தான் வரும். அதற்குப் பிறகு பதிவு செய்துவிட்டு எண்ணூருக்கு வீடு திரும்புவது அவருக்கு முடியாமல் போய்க்கொண்டிருந்தது. அந்த வாடிக்கையாளரை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்திருந்தால் போதும். அரைமணி நேரத்தில் தீர்த்திருக்கக்கூடிய வேலை அது.

மூன்றாவது, களத்தில் இருந்த இளைஞர். பொது முகவரிக்கு வரும் மின்னஞ்சலை அவர் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. "மேனேஜர் உன்ன தனியா கூப்பிட்டிருக்காரு" என்று யாரோ தொலைபேசியில் சொல்ல, மணலியில் பரிசோதனைக்குக் காத்திருந்த கன்டெய்னரை விட்டுவிட்டு, டிரெய்லர் வரிசைகளுக்கு நடுவே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பேசிய பதினைந்து நிமிடமும் உட்காரவே இல்லை.

அந்தப் பெண் விலகிய பிறகுதான் மின்னஞ்சலை முதலிலிருந்து எழுதினேன். இம்முறை அனுப்புவதற்கு முன்பே, ஒரு செவ்வாய்க்கிழமை காலை எல்லோரும் இருக்கையில் இருக்கும்போது பிரிவின் நடுவில் நின்று, என்ன செய்யப் போகிறேன், ஏன் செய்கிறேன் என்று வாயால் சொன்னேன். களத்தில் இருந்த இருவருக்கும் தொலைபேசியில் தனித்தனியாகச் சொன்னேன். மின்னஞ்சலை அதற்குப் பிறகே, பொது முகவரியைத் தவிர்த்து ஒவ்வொருவரின் சொந்த முகவரிக்கும் அனுப்பினேன். களத்து நண்பர்களுக்கு அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். தமிழிலேயே எழுதினேன். அதை முழுமையாகத் தருகிறேன்:

> பொருள்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உங்களோடு 40 நிமிடம் (எல்லோருக்கும் உண்டு)
>
> வணக்கம். காலையில் நேரில் சொன்னதை எழுத்திலும் தருகிறேன்.
>
> அடுத்த வாரம் முதல் நம் பிரிவில் உள்ள ஒவ்வொருவரோடும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 நிமிடம் தனியாகப் பேசுவேன். யாரிடமும் தவறு கண்டதால் இதைத் தொடங்கவில்லை. அவரவர் வேலையில் உள்ள இடைஞ்சல்கள் எனக்குக் கடைசியாகத்தான் தெரிய வருகின்றன. அதை மாற்றுவதற்காகவே தொடங்குகிறேன்.
>
> இந்த நேரம் உங்களுடையது. என்ன பேச வேண்டும் என்பதை முதலில் நீங்கள் சொல்லுங்கள். நிலுவைப் பட்டியல் வேண்டாம், அதற்குக் காலைக் கூட்டம் இருக்கிறது. வேலையில் மாற்ற வேண்டியது, கற்க விரும்புவது, என்னிடம் எதிர்பார்ப்பது, நேரம், விடுப்பு, வீட்டுச் சூழலால் வரும் சிரமம் என எதையும் பேசலாம். பேச விரும்பாததைப் பேச வேண்டியதில்லை.
>
> இது ஆண்டு மதிப்பீடு அல்ல. உங்கள் வேலையைப் பற்றி எனக்குக் குறை இருந்தால் அதை இந்த நேரத்துக்காகச் சேர்த்து வைக்க மாட்டேன், அன்றைக்கே சொல்வேன்.
>
> நான் எடுக்கும் குறிப்பு என் நோட்டில் மட்டும் இருக்கும். நீங்கள் கேட்டால் உங்கள் பக்கத்தைக் காட்டுவேன். உங்களைக் கேட்காமல் இன்னொருவரிடம் சொல்ல மாட்டேன். ஒருவரின் பாதுகாப்பு, தொல்லை குறித்த புகார், பணம் அல்லது ஆவண மோசடி ஆகியவை மட்டும் இதற்கு விலக்கு. அவற்றை உரியவர்களிடம் கொண்டுபோக வேண்டிய கடமை எனக்கு உண்டு. அப்போதும் முதலில் உங்களிடம் சொல்லிவிட்டே செய்வேன்.
>
> அலுவலகத்தில் இருப்பவர்களுக்குச் செவ்வாய், புதன் காலை. களத்தில் இருப்பவர்களை நானே மணலிக்கு வந்து பார்க்கிறேன். கொடுத்த நேரம் பொருந்தாவிட்டால் எனக்கு ஒரு வரி அனுப்பினால் போதும், காரணம் தேவையில்லை. நான் மாற்ற நேர்ந்தால் அதே இரண்டு வாரத்துக்குள் வேறு நேரம் தருவேன்.

இதை அப்படியே நகலெடுக்க வேண்டாம். உங்கள் பிரிவின் அச்சம் வேறாக இருக்கலாம். ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு வரியும் ஏன் வந்தது என்பதைச் சொன்னால் உங்கள் வரிகளை நீங்களே எழுதிக்கொள்ள முடியும்.

பொருள் வரியில் உள்ள "எல்லோருக்கும் உண்டு" என்ற இரண்டு சொற்களை எழுத எனக்கு அரைமணி நேரம் ஆனது. கைப்பேசித் திரையில் பொருள் வரி மட்டும்தான் முதலில் தெரியும். அதைப் பார்த்தவுடன் மனதில் எழும் கேள்வி "எனக்கு மட்டுமா?" என்பதுதான். அதற்கு அங்கேயே பதில் இருந்தால், மின்னஞ்சலைத் திறக்கும்போது மனம் சற்று அமைதியாக இருக்கும். இல்லையென்றால் உள்ளே நீங்கள் எவ்வளவு கனிவாக எழுதியிருந்தாலும் அவர்கள் தம் தவறைத் தேடிக்கொண்டேதான் படிப்பார்கள்.

நேரத்தைப் பதினைந்திலிருந்து நாற்பதாக உயர்த்தியதற்கும் காரணம் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ குரோவ் மேலாண்மை பற்றி 1983இல் வெளியிட்ட நூலில், இத்தகைய சந்திப்பைக் கீழே பணிபுரிபவரின் கூட்டமாகவே கருத வேண்டும் என்றும், குறைந்தது ஒரு மணி நேரமாவது வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். நேரம் குறைந்தால் எளிதில் முடியக்கூடியவற்றை மட்டுமே ஊழியர் பேசுவார் என்பது அவர் சொல்லும் காரணம். எங்கள் பிரிவில் கதவருகே நடந்தது அதுதான். பதினோரு செக்லிஸ்டுகளைப் படிக்கப் பதினைந்து நிமிடம் போதும், எண்ணூர் வீட்டைப் பற்றிச் சொல்ல அது போதாது. முக்கியமானது முதல் இருபது நிமிடத்துக்குள் வருவது அரிது என்பதை அதற்குப் பிறகு பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் கொடுக்க எங்களால் முடியவில்லை, ஆனால் நாற்பது நிமிடம் முடிந்தது.

இங்கே கணக்கு போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்பது பேருக்கு நாற்பது நிமிடம் என்றால் 360 நிமிடம், அதாவது இரண்டு வாரத்துக்கு ஆறு மணி நேரம். எங்கள் பிரிவில் வியாழன் பிற்பகல் முதல் கட்-ஆஃப் நெருக்கடி தொடங்கிவிடும். ஆகவே செவ்வாய், புதன் காலைகளில் நாளுக்கு இருவர் என்று வைத்தால் இரண்டு வாரத்தில் எட்டு இடம் கிடைக்கும். அலுவலகத்தில் இருப்பவர்கள் ஏழு பேர், எட்டாவது இடத்தை யாருக்கும் கொடுக்காமல் காலியாக வைத்தேன். தவறிப்போகும் சந்திப்பு அங்கே போய் உட்காரும். "அதே இரண்டு வாரத்துக்குள் வேறு நேரம் தருவேன்" என்று எழுதத் துணிந்தது, அந்த ஒரு காலி இடத்தை நம்பித்தான். இந்தக் கணக்கைப் போடாமல் வாரந்தோறும் ஒரு மணி நேரம் என்று ஆர்வத்தில் எழுதிவிட்டு, மூன்றாம் வாரம் முதல் ஒவ்வொன்றாக ரத்து செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தாகும் ஒவ்வொரு சந்திப்பும், உன்னைவிட வேறொன்று முக்கியம் என்று ஊழியரிடம் எழுத்தில் சொல்வதாகும். உங்களிடம் பதினைந்து பேருக்கு மேல் இருந்தால் மாதம் ஒருமுறை என்றே எழுதுங்கள். மாதம் ஒருமுறை தவறாமல் நடப்பதில் குறைவு எதுவும் இல்லை.

இரகசியம் பற்றிய பத்தியில்தான் புதிய மேலாளர்கள் அதிகம் தவறுகிறார்கள். "நீங்கள் சொல்வது எதுவும் இந்த அறையைத் தாண்டாது" என்று எழுதுவது நல்லெண்ணம்தான், ஆனால் அதைக் காப்பாற்ற முடியாது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும், புகாரை விசாரிப்பதும் அந்தக் குழுவின் வேலை. ஒரு பெண் ஊழியர் உங்களிடம் அப்படி ஒன்றைச் சொன்னால், நீங்களே இருவரையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசவும் கூடாது, கேட்காததுபோல் மூடி வைக்கவும் கூடாது. குழு இருப்பதையும், நடந்ததிலிருந்து பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லி, எழுத உதவி தேவையென்றால் ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த வரம்பு முதல் நாளே மின்னஞ்சலில் இருந்தால் யாரும் ஏமாந்ததாக உணர மாட்டார்கள். அவர் வாய் திறந்த பிறகு வரம்பைச் சொன்னால், அது நம்பிக்கைத் துரோகமாகவே தெரியும்.

குறிப்பேடு பற்றியும் ஒரு வார்த்தை. பிரிவின் பொதுக் கோப்புறையில் "ஒன் டு ஒன்" என்று ஒரு எக்செல் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோப்புறையை எல்லோரும் திறக்கலாம் என்பது அவர்களுக்கு நினைவில் இருப்பதில்லை. நாட்காட்டி அழைப்பும் அப்படியே. உங்கள் நாட்காட்டி மற்றவர்களுக்குத் தெரியும்படி இருந்தால், தலைப்பில் பெயரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். ஒருமுறை "விடுப்புப் பிரச்சினை" என்று நான் தலைப்பு வைத்துவிட்டேன். அன்று மாலைக்குள் அதைப் பற்றி வேறு மாடியில் இருந்தவர்கள்கூடக் கேட்டார்கள். அந்த ஊழியரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன்.

அறையைப் பொறுத்தவரை, கண்ணாடி வழியே ஆள் தெரிய வேண்டும், பேச்சு வெளியே கேட்கக் கூடாது. இரண்டும் அமையாவிட்டால் மதிய உணவு நேரம் முடிந்து காலியாகும் உணவறையின் மூலை மேசை நல்லது. களத்தில் இருப்பவர்களை அலுவலகத்துக்கு இழுக்காதீர்கள். நான் மணலிக்குப் போகத் தொடங்கிய முதல் நாளே, நாங்கள் பேசிக்கொண்டிருந்த உணவகத்தின் சன்னல் வழியாக அவர்கள் காத்திருக்கும் இடம் தெரிந்தது. நிழலே இல்லாத அந்த இடத்தைப் பற்றி அவர்கள் ஒருபோதும் புகார் சொன்னதில்லை, ஏனென்றால் அலுவலகத்தில் யாருக்கும் அது புரியாது என்று நினைத்திருந்தார்கள்.

மின்னஞ்சலில் எழுதியது நடக்கிறதா என்பதை எப்படி அறிவது? முதல் சந்திப்பில் பெரும்பாலோர் "எல்லாம் நல்லா போகுது சார்" என்பார்கள். அதை நம்பவும் வேண்டாம், வற்புறுத்திக் கேட்கவும் வேண்டாம். "எப்படி இருக்கிறது" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "போன வாரம் எந்த நாளில் வேலை இழுத்துக்கொண்டே போனது, எதனால்?" என்று கேட்டால் ஒரு நாள் வரும், அந்த நாளோடு ஒரு காரணமும் வரும். அவர்கள் கையில் கோப்பு இருந்தால் சந்திப்பு நிலுவைக் கூட்டமாகிவிட்டது என்று பொருள். அதை மென்மையாக வாங்கி மேசையின் ஓரத்தில் வைத்துவிடுங்கள். உங்கள் நோட்டில் ஒரே விஷயம் மூன்றாம் முறையாக இருந்தால், ஒப்புக்கொண்டதை நீங்கள் செய்யவில்லை என்று பொருள். இந்த இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

எங்கள் பிரிவில் இது பலன் தந்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஷிப்பிங் பில்லில் பெட்டிகளின் எண்ணிக்கையும், சரக்கு நிலையத்துக்கு வந்து இறங்கும் எண்ணிக்கையும் பொருந்தாமல் அடிக்கடி திருத்தம் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் அரை நாள் போகும், சில சமயம் கப்பலே போய்விடும். காலைக் கூட்டத்தில் இதைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மூன்றாம் சந்திப்பில் செக்லிஸ்ட் போடும் இளைஞர், "நான் போடுறது அவங்க அனுப்புன பேக்கிங் லிஸ்ட்ல இருக்கறதுதான் சார். அதுக்கப்புறம் மாறினா எனக்கு யாரு சொல்றாங்க?" என்றார். அந்த வாரமே மணலியில், களத்து இளைஞர் வேறு ஏதோ பேசும்போது தன் கைப்பேசியைக் காட்டினார். வாடிக்கையாளரின் கிடங்கு மேற்பார்வையாளர் திருத்திய பேக்கிங் லிஸ்டை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அலுவலகத்துக்கும் போயிருக்கும் என்று இவர் நினைத்துக்கொண்டார். இவருக்கு அனுப்பியதே அலுவலகத்துக்கு அனுப்பியதுதான் என்று கிடங்குக்காரர் நினைத்துக்கொண்டார்.

பாதி உண்மை ஒருவரிடமும் மறுபாதி இன்னொருவரிடமும் இருந்தது. எல்லோர் முன்னிலும் சொன்னால் மற்றவரைக் குறை சொன்னதாகிவிடும் என்பதால் இருவருமே வாய் திறக்கவில்லை. இந்த இடத்தில் எனக்கு ஒரு சோதனை வந்தது. இரண்டையும் இணைத்து மறுநாள் கூட்டத்தில் அறிவித்திருந்தால் சிக்கல் அன்றைக்கே தீர்ந்திருக்கும், ஆனால் மின்னஞ்சலில் நான் எழுதிய வாக்கு அங்கேயே முறிந்திருக்கும். ஆகவே இருவரிடமும் தனித்தனியாக, "இதைப் பெயர் சொல்லாமல் பிரிவில் பேசலாமா?" என்று கேட்டேன். களத்து இளைஞர், "நானே சொல்றேன் சார், என் போன்லதான வந்துச்சு" என்றார். அவரே கூட்டத்தில் சொன்னார். செக்லிஸ்ட் ஒப்புதலுக்குப் பிறகு வரும் எந்தத் திருத்தமும், திருத்த எண்ணோடு பொது முகவரிக்கு வந்தால்தான் செல்லும் என்று வாடிக்கையாளர்களுக்கு எழுதினோம். அதற்குப் பிறகு அந்தக் காரணத்தால் வரும் திருத்தம் ஏறக்குறைய நின்றுவிட்டது. கேட்டுவிட்டுச் சொன்னதால் இரண்டு நாள் தாமதமானது உண்மைதான். ஆனால் அடுத்தடுத்த சந்திப்புகளில் இருவரும் கொண்டுவந்த விஷயங்கள், அதற்கு முன் என் காதுக்கு வரவே வராத வகையைச் சேர்ந்தவை.

இந்தச் சந்திப்பால் ஆகாதவையும் உண்டு. சம்பள உயர்வு உங்கள் கையில் இல்லையென்றால், பார்க்கிறேன் என்று சொல்லாதீர்கள். யாரிடம் கேட்பீர்கள், எந்தத் தேதிக்குள் பதில் சொல்வீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், பதில் இல்லை என்பதானாலும் அந்தத் தேதியில் சொல்லுங்கள். ஒருவருக்கு எச்சரிக்கை கொடுக்க வேண்டிய நிலை வந்தால் அதற்கெனத் தனியாக வேறொரு கூட்டம் வையுங்கள், இதைப் பற்றித்தான் என்று முன்கூட்டியே தெரிவியுங்கள். இந்த நாற்பது நிமிடத்துக்குள் ஒரே ஒருமுறை அதை நுழைத்துவிட்டால், மறுவாரம் எல்லோரும் மீண்டும் கோப்போடு வருவார்கள். எங்கள் மூத்தவர் அந்த வைப்புநிதித் தாள்களைக் கொண்டுவராமல் வெறுங்கையோடு வந்து உட்கார எட்டு வாரம் ஆனது. தம்பி என்று அழைக்க அதைவிடக் கூடுதலாக ஆனது.

கடைசியாக, அனுப்பும் நேரம். வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம், சனி, ஞாயிறு முழுவதும் அவர்கள் வீட்டில் அதை மென்றுகொண்டிருப்பார்கள். நாட்காட்டி அழைப்பு மின்னஞ்சலுக்கு முன்னால் போகவே கூடாது. உங்கள் பெயரும் ஒரு நேரமும் மட்டும் கைப்பேசியில் திடீரென்று எழுந்தால் என்ன நினைப்பார்கள் என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள். வாரத் தொடக்கத்தில் காலையில் வாயால் சொல்லுங்கள், பிறகு மின்னஞ்சல், மறுநாள் அழைப்பு. அனுப்பிவிட்டு அன்று முழுவதும் இருக்கையிலேயே இருங்கள். யாராவது ஒருவர் வந்து, "சார், இது எதுக்கு?" என்று நிச்சயம் கேட்பார். அவருக்கு உட்கார நாற்காலி காட்டிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே செக்லிஸ்ட் மேசையிலிருந்து எழுந்து வந்த,
ராஜாஜி சாலைப் பக்கத்துப் பிரிவு மேலாளர் ஒருவர்